காப்புக்கட்டுக்குப் பறித்த ஆவாரையில் ஒரு ஹெர்பேரியம் தாள்

பள்ளியில் ஹெர்பேரியம் செய்து வரச் சொல்லிவிட்டார்கள் என்றால் வீட்டில் முதலில் நடப்பது ஒன்றுதான். ஏதோ ஒரு இலையைப் பறித்து, தடிமனான புத்தகத்துக்குள் வைத்து, ஒரு வாரம் கழித்து செல்லோடேப் போட்டு சார்ட்டில் ஒட்டி, கீழே பெயரை எழுதுவார்கள். அது காய்ந்த இலை ஒட்டிய தாள். ஹெர்பேரியம் தாள் வேறு. அந்தச் செடியை நேரில் பார்க்காத ஒருவர், பல வருடம் கழித்து அந்தத் தாளை எடுத்துப் பார்த்தாலும், இது என்ன செடி, எங்கே, என்றைக்கு, எப்படி நின்றது என்று தெரிந்துகொள்ள வேண்டும். அதற்குத்தான் அந்தத் தாள்.

எட்டாவது படிக்கும் என் அண்ணன் மகளும் நானும் 2025 பொங்கல் விடுமுறையில் ஒரு தாள் செய்தோம். அதையே படிப்படியாகச் சொல்கிறேன். எடுத்துக்கொண்ட செடி ஆவாரை. சேலம் பக்கம் போகிக்குக் காப்புக் கட்ட வேப்பிலை, பூளைப்பூவோடு ஆவாரம்பூவும் பறிக்கப் போவோம், அப்படிப் போனபோதே இதையும் எடுத்தோம். இன்னொரு காரணமும் உண்டு. ஆவாரை காயும்போது சிற்றிலைகளை உதிர்க்கும் செடி. அதைச் சரியாகக் காயவைத்துவிட்டால் மற்றச் செடிகள் எளிது.

வெட்டுவதற்கு முன்னால்

எங்கே பறிக்கிறோம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஏற்காடு மலைப்பாதையின் இரண்டு பக்கமும் பெரும்பாலும் காப்புக்காடு. அனுமதி இல்லாமல் அங்கே ஒரு கிளையைக்கூட ஒடிக்கக் கூடாது, பள்ளி ப்ராஜெக்ட் என்பது அனுமதி ஆகாது. மேலே சேர்வராயன் மலையில் வேறு இடங்களில் எளிதில் காண முடியாத செடிகளும் இருக்கின்றன. மலையின் பெயரையே தாங்கிய வெர்னோனியா சேர்வராயென்சிஸ் என்ற சிறு மரம் அப்படி ஒன்று. பெயர் தெரியாத செடி ஒன்றே ஒன்று நின்றால் படம் எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். சொந்த நிலம், தெரிந்தவர் தோட்டம், வீட்டுப் பக்கத்துக் காலி மனை ஆகியவற்றில் நிறைய நிற்கும் செடியே பள்ளிக்குப் போதும். நாங்கள் கன்னங்குறிச்சிக்கு வடக்கே, உறவினர் ஒருவரின் நிலத்து வரப்பில், அவரிடம் கேட்டுவிட்டு எடுத்தோம். அங்கே இருபது முப்பது ஆவாரை வரிசையாக நின்றன.

நேரமும் முக்கியம். மார்கழிக் கடைசியில் பனி ஒன்பது மணி வரை இலையில் நிற்கும். நனைந்த செடியை அழுத்தினால் பூசணம் பிடிக்கும். வெயில் ஏறி இலை காய்ந்த பிறகு, பத்து மணி வாக்கில் போனோம்.

அவள் நேராகக் கத்தரிக்கோலை எடுத்தாள். "முதல்ல எழுது, அப்புறம் வெட்டு" என்றேன்.

"இலையைத்தான் வீட்டுக்கே கொண்டு போறோமே அத்தை, அங்க போய் எழுதிக்கலாம்ல?"

பலரும் நினைப்பது இதைத்தான். வீட்டுக்கு வருவது ஒரு முழ நீளக் கிளை மட்டுமே. செடி எவ்வளவு உயரம், தரையிலிருந்தே பல கிளையாகப் பிரிந்ததா, பட்டை என்ன நிறம், மண் என்ன மண், பக்கத்தில் என்னென்ன நின்றன, பூ புதிதாக இருக்கையில் என்ன நிறம் என்பதெல்லாம் அந்த இடத்திலேயே தங்கிவிடும். அழுத்துப் பலகைக்குள் போனதும் நிறம் மங்கும், மணம் போகும், வடிவம் தட்டையாகும். ஆகவே காய்ந்த பிறகு தெரியாமல் போகிற எதுவும் செடியின் முன்னால் நிற்கும்போதே நோட்டில் ஏற வேண்டும். அவள் எழுதியது இவ்வளவுதான்:

"எண் 1. 12-1-2025. புதர்ச்செடி, என் நெஞ்சு உயரம், சுமார் 1.2 மீட்டர். அடியிலிருந்தே கிளை. பட்டை செம்பழுப்பு. பூ பளிச்சென்ற மஞ்சள், கிளை நுனியில் கொத்தாக. பச்சைக் காயும் காய்ந்த காயும் ஒரே செடியில். செம்மண், கல் அதிகம். பக்கத்தில் எருக்கு, தும்பை, வேலிக்கருவேல்."

இடத்தின் பெயரை எழுதும்போது ஒரு திருத்தம் சொன்னேன். "பெரியப்பா காட்டு வரப்பு" என்று எழுதியிருந்தாள். நம் ஊரில் மானாவாரி நிலத்தைக் காடு என்றே சொல்வோம். தாளைப் படிக்கும் வெளியூர்க்காரர் அதை வனம் என்று எடுத்துக்கொண்டால், வயல் வரப்பில் நின்ற செடி வனச்செடி ஆகிவிடும். யாருடைய பெரியப்பா என்பதும் அவருக்குத் தெரியாது. "கன்னங்குறிச்சிக்கு வடக்கே, சேர்வராயன் மலையடிவாரம், மானாவாரி நிலத்தின் வரப்பு" என்று மாற்றினோம். அலைபேசி வரைபடம் காட்டும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களையும் குறித்துக்கொண்டால் இடம் இன்னும் உறுதியாகும். மலைப்பாதை ஓரத்துத் தோட்டத்தில் எடுப்பவர்கள் எத்தனையாவது கொண்டை ஊசி வளைவு என்று எழுதலாம், ஏற்காட்டுச் சாலையில் வளைவுக்கு வளைவு எண் பலகை இருக்கிறது. உயரத்தையும் குறியுங்கள். சேலம் ஏறக்குறைய 300 மீட்டர், ஏற்காடு 1500 மீட்டர் உயரம். இந்த இரண்டுக்கும் நடுவில் செடிகள் அடியோடு மாறிவிடும்.

எழுதுவது பென்சிலால் இருக்கட்டும். ஈரம் பட்டால் பேனா மை கலங்கிவிடும்.

எதை வெட்டுவது

இலை மட்டும் இருந்தால் போதாது. பூவும் காயும் சேர்ந்த கிளையாகத் தேடுங்கள். செடிகளைப் பிரித்து அறிவது பெரும்பாலும் பூவையும் காயையும் வைத்துத்தான். ஆவாரையில் ஒரே கிளையில் இரண்டும் கிடைப்பது நமக்கு வசதி. பூச்சி அரித்த இலை இல்லாத, முப்பது முப்பத்தைந்து சென்டிமீட்டர் நீளமுள்ள இரண்டு கிளைகளை வெட்டினோம். ஒன்று கெட்டால் இன்னொன்று இருக்கும். தனியாக நான்கு பூவும் இரண்டு காயும் எடுத்துக்கொண்டோம், எதற்கென்று பிறகு சொல்கிறேன். கிளையின் அடியில் ஒரு அட்டைத்துண்டை நூலால் கட்டி, அதில் நோட்டில் போட்ட அதே எண்ணை எழுதினோம். தாளில் லேபிள் ஏறும்வரை அந்த அட்டை கிளையை விட்டுப் பிரியக் கூடாது. மூன்று நான்கு செடி எடுத்தவர்கள் இதை விட்டுவிட்டு, வீட்டில் எது எந்த இடத்துச் செடி என்று தெரியாமல் தவிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

வெட்டிய கிளை அரை மணியில் வாடத் தொடங்கிவிடும். பழைய செய்தித்தாளையும் இரண்டு அட்டைகளையும் கையோடு கொண்டு போய், வரப்பிலேயே தாளுக்குள் வைத்துக் கட்டிவிடுவது நல்லது. முடியாவிட்டால் பெரிய பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயைக் கட்டி, நிழலில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். அன்றைக்கே அழுத்திவிட வேண்டும்.

விரித்து வைப்பது

தேவையானவை: 30 × 45 சென்டிமீட்டரில் இரண்டு பிளைவுட் பலகை. அதே அளவில் அட்டைப்பெட்டியிலிருந்து வெட்டிய நெளி அட்டை நான்கு. ஒரு மாதச் செய்தித்தாள், வழவழப்பான விளம்பரத் தாள் வேண்டாம், அது ஈரம் குடிக்காது. இரண்டு கயிறு. கடைசித் தாளின் அளவு 42 × 28 சென்டிமீட்டர் என்பதால், 38 × 24 அளவில் ஒரு சட்டத்தைச் செய்தித்தாளில் கோடு போட்டு வைத்துக்கொண்டு, அதற்குள் செடி அடங்குகிறதா என்று பார்த்து விரியுங்கள். காய்ந்த பிறகு வளைக்க முடியாது, ஒடிந்துவிடும்.

ஆவாரையின் இலை கூட்டிலை. நடுக்காம்பின் இரண்டு பக்கமும் சிற்றிலைகள் ஜோடி ஜோடியாக இருக்கும். அப்படியே அழுத்தினால் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, உள்ளே இருப்பது காயாமல் கருத்துவிடும். நெருக்கமாக இருக்கும் இடத்தில் ஓரிரு இலையைக் கத்தரித்து எடுத்துவிடலாம், ஆனால் காம்பின் அடித்துண்டை விட்டுவைக்க வேண்டும். அங்கே ஒரு இலை இருந்தது என்று பார்ப்பவருக்குத் தெரியும். ஒரு இலையையாவது திருப்பி, அடிப்பக்கம் மேலே தெரிய வையுங்கள். ஒட்டிய பிறகு யாரும் புரட்டிப் பார்க்க முடியாது.

அடுத்ததுதான் இந்தச் செடியில் எனக்கு மிகவும் பிடித்த இடம். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில், இரண்டு பக்கமும் காது மடல் போல ஒரு ஜோடிச் சிறு இலைகள் இருக்கும். இலையடிச் செதில் என்று பாடப்புத்தகம் சொல்வது அதைத்தான். மற்றப் பல செடிகளில் அது சின்ன முள் மாதிரியோ நூல் மாதிரியோ இருந்து உதிர்ந்துவிடும். ஆவாரையில் விரல்நகம் அளவுக்கு அகலமாக நின்று தண்டைத் தழுவிக்கொண்டிருக்கும். இதன் தாவரவியல் பெயரில் உள்ள ஆரிக்குலாட்டா என்ற சொல்லுக்கே காதுடையது என்றுதான் பொருள். அவளிடம் லென்ஸைக் கொடுத்தேன். காதைப் பார்த்துவிட்டு, அப்படியே இலையின் நடுக்காம்பில் லென்ஸை நகர்த்தியவள், ஒவ்வொரு ஜோடிச் சிற்றிலைக்கும் நடுவில் ஒரு குட்டிக் கொம்பு நிற்பதைக் கண்டுபிடித்தாள். அது சுரப்பி. இந்தக் காதும் கொம்பும் தாளில் தெரிந்தால், பூவே இல்லாவிட்டாலும் ஆவாரை என்று சொல்லிவிடலாம். அதனால் இரண்டு மூன்று காதுகளை ஊசியின் மழுங்கிய முனையால் விரித்து, மடங்காமல் படியவைத்தோம்.

பூவில் ஒன்றை முகம் மேலே பார்க்கவும், ஒன்றைப் பக்கவாட்டிலும், ஒன்றை நீளவாக்கில் பிளந்தும் வையுங்கள். பூக்களின் மேலும் கீழும் மெல்லிய டிஷ்யூ தாள் வைத்தால் இதழ் செய்தித்தாளில் ஒட்டாது. பிறகு தாள் மாற்றும்போதும் இந்த டிஷ்யூவைப் பிரிக்காமல் அப்படியே தூக்கி வைக்க வேண்டும்.

கிளையின் அடித்தண்டு பென்சில் கனத்துக்கு இருந்தது. தண்டு மேடாக நின்றால் பலகையின் அழுத்தம் முழுவதையும் அதுவே வாங்கிக்கொள்ளும், பக்கத்து இலைகளுக்கு அழுத்தம் போகாது. அவை சுருங்கிக் கசங்கிவிடும். தண்டின் பின்பக்கத்தை நீளவாக்கில் சீவிப் பாதியாக்கினோம். இது கத்தி வேலை, பெரியவர்கள் செய்யட்டும். பிறகு செய்தித்தாளைப் பட்டையாக மடித்து, தண்டின் இரண்டு பக்கமும் அதே உயரத்துக்கு அணை கொடுத்தோம்.

உதிராமல் காயவைப்பது

பலகைக்குள் வைத்ததும் செடி உடனே செத்துவிடுவதில்லை. ஓரிரு நாள் செல்கள் உயிரோடு இருக்கும். அந்த நேரத்தில், வறட்சியில் மரம் இலை உதிர்ப்பதைப் போலவே, ஆவாரையும் சிற்றிலை சேரும் மூட்டில் இணைப்பை அறுத்துவிடும். நான்காம் நாள் தாளைப் பிரித்தால் குச்சியும் தனித்தனிச் சிற்றிலையும்தான் கிடக்கும். புளி, வாதநாராயணன் போன்றவற்றிலும் இந்தத் தொல்லை வரலாம்.

இதைத் தடுக்க ஒரு வழி, கிளையை அழுத்துவதற்கு முன் இலைப்பகுதியை மட்டும் கொதிநீரில் நாலைந்து வினாடி முக்கி எடுப்பது. செல்கள் இறந்துவிடும், மூட்டு அறுபடாது. பூவில் வெந்நீர் படக் கூடாது. முக்கிய பிறகு பழைய பருத்தித் துணியில் ஒற்றி, ஈரம் போன பின்தான் தாளுக்குள் வைக்க வேண்டும். இலை கொஞ்சம் அடர்ந்த நிறமாகிவிடும் என்பது இதில் உள்ள குறை. அடுப்பு வேலையை நான் செய்தேன். வித்தியாசம் தெரியட்டும் என்று ஒரு கிளையை மட்டும் முக்கி, இன்னொன்றைச் சும்மா வைத்தோம்.

அடுக்கும் முறை இது. கீழே பலகை, அதன்மேல் நெளி அட்டை, அதன்மேல் வெறும் செய்தித்தாள் நாலைந்து, பிறகு செடி வைத்து மடித்த செய்தித்தாள், மறுபடி வெறும் தாள் நாலைந்து, அட்டை. அடுத்த கிளைக்கும் இதேபோல. கடைசியில் மேல் பலகை. அட்டையில் உள்ள நெளிவின் ஓட்டை வழியாகக் காற்று போய்வரும். கயிறை இறுக்கிக் கட்டி, அதன்மேல் வீட்டில் இருந்த 25 கிலோ அரிசி மூட்டையைத் தூக்கி வைத்தோம். மின்விசிறிக் காற்று படும் இடமாக இருந்தால் நல்லது.

இனிமேல் உழைப்பு முழுவதும் தாள் மாற்றுவதில்தான். மறுநாளே பிரித்து, ஈரம் குடித்த தாள்களை எடுத்துவிட்டு, காய்ந்த தாள் வைக்க வேண்டும். இந்த முதல் மாற்றத்தில் செடி துவண்டு, வைத்த இடத்தில் நிற்கும் பதத்தில் இருக்கும். மடங்கிய இலையை நிமிர்த்த, விட்டுப்போன காதை விரிக்க இதுதான் நேரம், அடுத்த நாள் முடியாது. முதல் நான்கு நாள் தினமும் ஒரு முறை, பிறகு ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாற்றுங்கள். எடுத்த தாளை மொட்டை மாடியில் காயவைத்துத் திரும்பப் பயன்படுத்தலாம். செடியை வெயிலில் காட்ட வேண்டாம். இலை வெளுத்து, சுருண்டு, நொறுங்கும். இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். ஆவாரை மாதிரி மெல்லிய சிற்றிலை நிமிடத்தில் கருகும், பூ ஒட்டிக்கொண்டு கிழியும்.

கல்லூரியில் படிக்கும்போது ஐப்பசி மழையில் ஏற்காட்டில் செடி எடுத்து, இரண்டு நாள் தாள் மாற்றாமல் விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் பிரித்தபோது பழைய துணி மாதிரி ஒரு வாடை, இலையெல்லாம் கருத்து, பூவைச் சுற்றி வெள்ளைப் பஞ்சு. பதினொரு செடியில் ஒன்றுகூடத் தேறவில்லை. மலைமேல் மழைக்காலத்தில் காற்றிலேயே ஈரம் நிற்கும், காய்ந்த தாள் என்று நாம் வைப்பதும் உண்மையில் காய்ந்திருக்காது. அங்கே இருப்பவர்கள் முதல் மூன்று நாள் காலையும் மாலையும் மாற்றுங்கள், தாள்களை அடுப்பங்கரைச் சூட்டில் உலர்த்தி வையுங்கள். சேலத்துத் தை மாதக் காற்றில் அந்தக் கவலை இல்லை.

மூன்றாம் நாள் பிரித்ததும் அவள் கத்திவிட்டாள். முக்காத கிளையில் மூன்று இலை மொட்டையாகி, சிற்றிலைகள் தாளில் சிதறிக் கிடந்தன. வெந்நீரில் முக்கிய கிளையில் இரண்டே இரண்டு சிற்றிலைதான் விழுந்திருந்தது. விழுந்ததைத் தூக்கி எறியாமல் ஒரு கவரில் சேர்த்து வைத்தோம்.

காய்ந்துவிட்டதா என்று பார்க்க, செடியின் தண்டைப் பிடித்து மெல்லத் தூக்குங்கள். இலை தொங்காமல் விறைப்பாக நிற்க வேண்டும். பிறகு கன்னத்தில் ஒரு நொடி வையுங்கள். சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது என்று பொருள். இலை காய்ந்த பிறகும் காயும் தண்டும் ஈரமாக இருக்கும், அவற்றையும் தொட்டுப் பாருங்கள். எங்களுடையது எட்டு நாள் எடுத்தது. இலை காய்ந்து சற்று மங்குவது இயல்பு. கருப்பாகியிருந்தால் தாள் மாற்றியது போதவில்லை. கசங்கியிருந்தால் அழுத்தம் போதவில்லை. இந்த இரண்டையும் பிரித்துத் தெரிந்துகொண்டால் அடுத்த செடியில் எதைத் திருத்துவது என்பது விளங்கும்.

ஒட்டுவது

கடையில் விற்கும் வெள்ளைச் சார்ட் பெரும்பாலும் 56 × 71 சென்டிமீட்டர் இருக்கும். 56-ஐ இரண்டாக வெட்டினால் 28 அகலத்தில் இரண்டு பட்டை. ஒவ்வொன்றிலும் 42 நீளம் வெட்டினால் இரண்டு ஹெர்பேரியம் தாள் கிடைத்துவிடும், மிஞ்சும் துண்டில் லேபிளும் கவரும் செய்யலாம். தடிமனான சார்ட்டாகக் கேட்டு வாங்குங்கள், தூக்கும்போது வளைந்தால் செடி ஒடியும்.

ஒட்டுவதற்கு முன் செடியைத் தாளில் சும்மா வைத்துப் பாருங்கள். தண்டின் அடி கீழே, நுனி மேலே. கீழே வலது மூலையில் லேபிளுக்கு 12 × 8 சென்டிமீட்டர் இடம் விடுங்கள். மேலே ஒரு மூலையில் கவருக்கு இடம் வேண்டும்.

செல்லோடேப் வேண்டவே வேண்டாம். ஒரு கோடை தாண்டினால் மஞ்சளாகி, பசை வழிந்து, செடியை விட்டு உரிந்துவிடும், உரியும்போது இலையையும் கொண்டு போகும். வெள்ளைப் பசையில் கொஞ்சம் தண்ணீர் கலந்து, பிரஷ்ஷால் தண்டின் பின்பக்கமும் இலைகளின் நடுக்காம்பிலும் மெல்லியதாகத் தடவினால் போதும். இலை முழுக்கப் பூசினால் தாள் நெளியும். வைத்த பிறகு மேலே ஒரு பிளாஸ்டிக் தாளும் அதன்மேல் செய்தித்தாளும் வைத்து, புத்தகங்களை அடுக்கி ஒரு இரவு விடுங்கள். மறுநாள், மூன்று நான்கு மில்லிமீட்டர் அகலத்தில் வெட்டிய வெள்ளைத் தாள் பட்டைகளைத் தண்டின் குறுக்கே வைத்து, இரண்டு முனையை மட்டும் தாளில் ஒட்டுங்கள். ஆவாரையின் அடித்தண்டு கட்டையானது, அதற்குப் பட்டை போதாது. வெள்ளை நூலால் இரண்டு இடத்தில் தைத்து, முடிச்சைத் தாளின் பின்பக்கம் போட்டு, முடிச்சின்மேல் ஒரு துண்டுத் தாளை ஒட்டினோம். அடுக்கி வைக்கும்போது முடிச்சு அடுத்த தாளின் செடியை உரசாது. பட்டையோ தையலோ பூவின் மேலும் அந்தக் காதுகளின் மேலும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தனியாக எடுத்த பூவும் காயும், உதிர்ந்த சிற்றிலையும் கவருக்குள் போகும். மருந்துக்கடையில் மாத்திரை மடித்துத் தருகிற மாதிரித் தாளை மடித்து, பின்பக்கத்தை மட்டும் ஒட்டினால், திறந்து மூடலாம். பின்னால் யாராவது பூவைப் பிரித்துப் பார்க்க வேண்டுமென்றால், ஒட்டிய பூவைப் பிய்க்காமல் இதிலிருந்து எடுப்பார்கள். ஆவாரம்பூவில் பத்து மகரந்தத்தாள், மேலே உள்ள மூன்று வளராமல் குட்டையாக இருக்கும். அவள் ஒரு பூவைத் தண்ணீரில் ஊறவைத்து எண்ணிப் பார்த்ததும் இந்தக் கவரில் இருந்ததைத்தான்.

லேபிள்

லேபிளில் வருவது எல்லாம் நோட்டில் ஏற்கனவே இருக்கிறது. நீரில் கலங்காத கருப்பு மையில் எழுதுங்கள். ஜெல் பேனா வேண்டாம். தாவரவியல் பெயரைத் தேடவும் எழுதவும் இந்த எழுத்துக்கூட்டல்தான் சரி: Senna auriculata (L.) Roxb. கையால் எழுதும்போது முதல் இரண்டு சொல்லுக்கு மட்டும் அடிக்கோடு போட வேண்டும். அடைப்புக்குள் இருக்கும் எழுத்து லின்னேயஸைக் குறிக்கும். அவர் இதைக் காசியா என்ற பேரினத்தில் வைத்துப் பெயரிட்டார். பிறகு சென்னா பேரினத்துக்கு மாற்றியவர் ராக்ஸ்பர்க், அவர் பெயர் அடைப்புக்கு வெளியே நிற்கிறது. பழைய புத்தகங்களில் காசியா ஆரிக்குலாட்டா என்று பார்த்தால் குழம்ப வேண்டாம், இதே செடிதான்.

எங்கள் லேபிள் இப்படி வந்தது:

பெயர்: (மேலே சொன்ன தாவரவியல் பெயர்)
குடும்பம்: ஃபாபேசி
வழக்குப் பெயர்: ஆவாரை, ஆவாரம்பூ
இடம்: தமிழ்நாடு, சேலம் மாவட்டம், கன்னங்குறிச்சிக்கு வடக்கே, சேர்வராயன் மலையடிவாரம், மானாவாரி நிலத்தின் வரப்பு
உயரம்: கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 350 மீ
குறிப்பு: 1.2 மீ உயரப் புதர், அடியிலிருந்து கிளைக்கும். பட்டை செம்பழுப்பு. பூ பளிச் மஞ்சள். காய் தட்டை. கல் கலந்த செம்மண். எருக்கு, தும்பையோடு. இலை வெந்நீரில் முக்கப்பட்டது.
பயன்: போகியன்று காப்புக் கட்ட
தேதி: 12-1-2025
சேகரித்தவர், எண்: (அவள் பெயர்), 1
பெயர் கண்டறிந்தவர்: (என் பெயர்)

வெந்நீரில் முக்கியதை எழுதியதற்குக் காரணம், இலையின் அடர்ந்த நிறம் செடியின் இயல்பு என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. பெயர் உறுதியாகத் தெரியாத செடியானால், பேரினமும் குடும்பமும் தெரிந்தவரை எழுதிவிட்டு மீதியை வெறுமையாக விடுங்கள். இடமும் தேதியும் தவறாக இருந்தால் பிறகு யாராலும் திருத்த முடியாது, பெயரை எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம். திருத்தும்போதும் பழைய பெயரை அழிப்பதில்லை. புதுப் பெயர், திருத்தியவர், தேதி எழுதிய சிறு சீட்டைப் பக்கத்தில் ஒட்டுவார்கள். கோவையில் உள்ள மதராஸ் ஹெர்பேரியத்திலும், திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியத்திலும் உள்ள தாள்களும் இதே அமைப்புதான். ஒரே தாளில் இரண்டு மூன்று சீட்டு இருப்பது அங்கே சாதாரணம்.

பூச்சி வராமல்

காய்ந்த செடிக்குப் பெரிய எதிரி ஒரு சின்ன வண்டு. தாளில் மாவு மாதிரிப் பொடி உதிர்ந்திருந்தால் அது வந்துவிட்டது என்று பொருள். பழைய ஹெர்பேரியங்களில் இதற்காக மெர்க்குரிக் குளோரைடு பூசினார்கள். அது கடும் நஞ்சு, பள்ளி வேலைக்கு அது கூடாது. கல்லூரிகளில் பழைய தாள்களைத் தொட நேர்ந்தாலும் கை கழுவிவிடுங்கள். வீட்டில், முடிந்த தாளைப் பிளாஸ்டிக் உறையில் காற்றுப் புகாமல் மூடி, ஃப்ரீசரில் ஒரு வாரம் வைத்தால் போதும், புழுவும் முட்டையும் செத்துவிடும். 42 சென்டிமீட்டர் தாள் எல்லா ஃப்ரீசரிலும் அடங்காது. அப்படியானால் ஒட்டுவதற்கு முன், செய்தித்தாளுக்குள் இருக்கும்போதே அளந்து பார்த்துக்கொள்ளுங்கள், அல்லது பெரிய ஃப்ரீசர் வைத்திருக்கும் கடைக்காரரைக் கேளுங்கள். வெளியே எடுத்ததும் உறையைப் பிரிக்கக் கூடாது. குளிர்ந்த தாளில் காற்றின் ஈரம் வியர்த்து, எட்டு நாள் காயவைத்தது வீணாகிவிடும். ஒரு நாள் அப்படியே வெளியில் வைத்து, அறையின் சூட்டுக்கு வந்த பிறகு பிரியுங்கள்.

அவளுடைய எண் 2 பூளைப்பூ, போகியன்றே எடுத்தது. அதற்கு வெந்நீர் தேவையில்லை, வேரோடு பிடுங்கி, மண்ணைத் தட்டி, முழுச் செடியாக வைத்தோம். தாளைவிட நீளமாக இருந்ததால், இரண்டு இடத்தில் கூர்மையாக மடித்து சட்டத்துக்குள் அடக்கினோம். மடிப்பு நிமிராமல் இருக்க, பிளவுபட்ட ஒரு அட்டைத்துண்டை அதில் மாட்டி அழுத்தினோம். ஆவாரை இன்னும் ஈரமாக இருந்தபோதே அது ஆறாம் நாளில் காய்ந்துவிட்டது.